வேலை அனுபவமே இல்லை: ரெஸ்யூமேயில் அனுபவம், ப்ராஜெக்ட் பகுதிகளில் என்ன எழுதுவது?

ஈரிழைக்கம்பி:
எலக்ட்ரானிக்ஸ் படிப்பை இப்போதுதான் முடித்தேன். எம்பெடட் துறையில் ஜூனியர் வேலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். எங்கேயும் வேலை பார்த்ததில்லை. ஒரு தொழிற்சாலையில் இரண்டு வாரப் பயிற்சி போனேன், அங்கே சுற்றிக் காட்டினார்கள், அவ்வளவுதான். அதனால் "பணி அனுபவம்" என்ற தலைப்புக்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. ப்ராஜெக்ட் பகுதியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் மட்டும் இருக்கிறது. இப்போது எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"தொழிற்சாலை மோட்டார்களுக்கான ஐஓடி அடிப்படையிலான முன்கூட்டிய பழுதறியும் அமைப்பு. நால்வர் குழு. ESP32, ADXL345 அதிர்வு சென்சார், மெஷின் லேர்னிங் ஆகியவற்றைப் பயன்படுத்தி மோட்டார் பழுதுகளை 98 சதவீதத் துல்லியத்துடன் கண்டறிந்தோம். முடிவுகள் மொபைல் செயலியில் காட்டப்பட்டன."

இதை அனுப்பினால் எங்கிருந்தும் அழைப்பு வருவதில்லை. எங்கே தவறு, எதைச் சேர்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாறிலி:
அனுபவத் தலைப்பே இல்லாமல் அனுப்பினால் கம்பெனியின் மென்பொருள் முதல் சுற்றிலேயே தள்ளிவிடும். அதனால் ப்ராஜெக்டையே அங்கே கொண்டுபோய் வையுங்கள். பதவி "ப்ராஜெக்ட் இன்ஜினியர்", நிறுவனம் என்ற இடத்தில் கல்லூரிப் பெயர், காலம் எட்டு மாதம். யாரும் கேட்க மாட்டார்கள். என் நண்பர்கள் பலர் இப்படித்தான் செய்தார்கள்.

வெள்ளோட்டம்:
எந்த டெம்ப்ளேட் பயன்படுத்துகிறீர்கள்? இரண்டு நெடுவரிசை வைத்த டெம்ப்ளேட்டில் இடப்பக்கம் திறன்களுக்கு நட்சத்திரம் கொடுத்து, படம் வைத்தால் பக்கம் நிறைந்துவிடும். சான்றிதழ்களையும் எல்லாம் போடுங்கள். என்னிடம் பதினெட்டு இருக்கிறது.

பலகைமேசை:
ஈரிழைக்கம்பி, நான் எம்பெடட் குழு ஒன்றில் புதியவர்களை நேர்காணல் செய்கிறவன். நிறைய ரெஸ்யூமே என் மேசைக்கு வரும். உங்கள் பத்தியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

இந்த நான்கு வரியை எந்தக் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். நால்வரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இல்லை. எந்த மோட்டார், எப்படி அளந்தீர்கள், என்ன பழுது என்பதும் இல்லை. உறுதியாக நிற்கிற ஒரே விஷயம் 98. அதைத்தான் நான் முதலில் கேட்பேன், கேட்டால் நீங்கள் தடுமாறுவீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பிறகு பேசலாம்.

எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள். நால்வரில் உங்கள் பங்கு எது? எந்த மோட்டாரில் சோதித்தீர்கள்? பழுதை எப்படி உண்டாக்கினீர்கள்? சென்சாரை விநாடிக்கு எத்தனை முறை படித்தீர்கள்? எது சொதப்பியது, அது சொதப்புகிறது என்று எப்படித் தெரிந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் ப்ராஜெக்ட் பகுதியின் உயிர்.

மாறிலி சொன்னதில் பாதி சரி, மீதி ஆபத்து. மென்பொருள் பழக்கமான தலைப்புகளைத் தேடுகிறது என்பது உண்மை. அதனால் "என் பயணம்" போன்ற தலைப்புகள் வேண்டாம், "ப்ராஜெக்ட்கள்", "கல்வி", "பயிற்சி" என்று எழுதுங்கள். ஆனால் அனுபவம் கட்டாயம் என்று கேட்கும் வேலைக்குப் பொய்த் தலைப்பு வைத்தாலும் பயனில்லை. புதியவர்களுக்கான வேலையில் அந்தத் தலைப்பு இல்லாததைக் குறையாக யாரும் எடுப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் பூச்சியம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். கல்லூரியை நிறுவனமாகக் காட்டி பதவி எழுதினால், வேலைக்கு எடுத்த பிறகு பின்னணி சரிபார்ப்பவர்கள் அங்கே தொடர்புகொண்டு பதவியையும் தேதியையும் கேட்பார்கள். கொடுத்த வேலையைத் திரும்பப் பெறுவது அந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.

மாறிலி:
பெரிய கம்பெனிகள் வேண்டுமானால் சரிபார்க்கும். சின்ன இடங்களில் அப்படி இல்லை. ஆனாலும் தலைப்பு விஷயத்தில் நான் சொன்னது சரி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஈரிழைக்கம்பி:
பலகைமேசை சார், பதில்கள் இதோ.

என் பங்கு சென்சாரிலிருந்து அளவுகளை எடுத்துச் சேமித்து அனுப்பும் பகுதி. மெஷின் லேர்னிங் இன்னொருவர், செயலி இன்னொருவர், நான்காமவர் மோட்டார் பொருத்தும் சட்டமும் அறிக்கையும் பார்த்தார்.

மோட்டார் ஆய்வகத்தில் இருந்த அரைக் குதிரைத்திறன் இண்டக்‌ஷன் மோட்டார், நான்கு துருவம், பெயர்ப்பலகையில் 1440 ஆர்பிஎம். சமநிலை கெடுவதற்காக அச்சில் மாட்டிய தட்டில் ஒரு பக்கம் மட்டும் போல்ட் வைத்தோம். இன்னொரு நிலைக்கு அடித்தள போல்ட்டைத் தளர்த்தினோம். பேரிங் பழுது எதையும் சோதிக்கவில்லை.

ஆரம்பத்தில் லூப்பில் ஒரு டிலே வைத்துப் படித்தேன், விநாடிக்கு 800 வருகிறது என்று நினைத்து எஃப்எஃப்டி போட்டோம். உச்சம் 27 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தது. மோட்டாரோ 1440 ஆர்பிஎம், அதாவது 24 ஹெர்ட்ஸ். வேகத்தைத் தனியாக டேக்கோமீட்டரால் அளந்து பார்த்தால் 24 தான். அப்புறம் கணக்குப் பார்த்ததில், படிப்பதற்கே நேரம் போவதால் உண்மையில் விநாடிக்கு 700தான் வருகிறது என்று தெரிந்தது. சென்சாருக்குள் இருக்கும் ஃபிஃபோவையும் இன்டரப்டையும் பயன்படுத்தி மாற்றிய பிறகு உச்சம் 24க்கு வந்தது.

அதற்கு அப்புறமும் வைஃபையில் அனுப்பும்போது நடுவில் அளவுகள் விடுபட்டன. அதனால் 1024 அளவுகளை முதலில் நினைவகத்தில் எடுத்துவிட்டு, எடுப்பதை நிறுத்தி, பிறகு அனுப்பும்படி செய்தேன். இதெல்லாம் அறிக்கையில் ஒரு வரிதான் வந்தது. ரெஸ்யூமேயில் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று தோன்றவில்லை.

பலகைமேசை:
இதுதான் எழுத வேண்டியது. நீங்கள் போட்டிருந்த பத்தியில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

ஏன் என்று சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் 1500 ஆர்பிஎம்மைத் தாண்டாது. அதாவது சுழற்சி 25 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவே முடியாது. 27இல் உச்சம் வந்தால் மோட்டார் சரி, அளவெடுப்புதான் தவறு என்று அர்த்தம். 24ஐ 800ஆல் பெருக்கி 700ஆல் வகுத்தால் 27.4 வருகிறது, நீங்கள் கண்ட எண் அதேதான். ஒரு கருவி பொய் சொல்கிறது என்று இயற்பியலை வைத்துக் கண்டுபிடித்து, இன்னொரு கருவியால் உறுதிசெய்து, காரணத்தை எண்ணால் விளக்கி, சரிசெய்திருக்கிறீர்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவரிடம் முதல் ஆண்டில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

800 என்ற எண்ணை எப்படித் தேர்ந்தீர்கள் என்றும் கேட்பேன். ADXL345 எஸ்பிஐயில் 3200 வரை போகும். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் 800க்கு மேல் வேண்டாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஃபிஃபோவில் 32 அளவுகள்தான் தங்கும். 800இல் அது 40 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். வைஃபை அனுப்புதல் அதைவிட நீண்டால் விடுபடுவது இயல்பு. இந்தப் பதில்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை, நேர்காணலுக்கு வைத்திருங்கள். தெரியாவிட்டால் போவதற்கு முன் படித்துவிடுங்கள்.

இப்போது தலைப்பு. "தொழிற்சாலை மோட்டார்களுக்கான முன்கூட்டிய பழுதறிதல்" என்றால் வாரக்கணக்கில் தேய்மானத்தைக் கவனித்து, பழுதாகும் முன்பே சொல்வது. நீங்கள் செய்தது ஆய்வக மோட்டார் ஒன்றில் சமநிலைக் கேட்டையும் தளர்ந்த அடித்தளத்தையும் பிரித்தறிவது. அப்படியே எழுதுங்கள். சுருங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம். பெரிய தலைப்பு வைத்தால் பேரிங்கைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும், நீங்கள் அதைத் தொடவே இல்லை.

முதல்வடிகட்டி:
நான் ஆள்சேர்ப்புப் பக்கம் இருக்கிறேன், பொறியாளர் இல்லை. பலகைமேசை சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அவர் மேசைக்குப் போவதற்கு முன்னால் ரெஸ்யூமே என்னைத் தாண்ட வேண்டும். ஃபிஃபோ, இன்டரப்ட் என்று முதல் வரியே தொடங்கினால் எனக்குப் புரியாது. வேலை விளம்பரத்தில் இருக்கும் சொற்கள் இருக்கின்றனவா, இவர் என்ன செய்தார் என்று ஒரு வரியில் தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். விளம்பரத்தில் எம்பெடட் சி என்று இருந்து, ஈரிழைக்கம்பி எம்பெடட் சியில் எழுதியிருந்தும் அந்தச் சொல் அவர் பத்தியில் இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வெள்ளோட்டம் சொன்ன இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். எங்கள் மென்பொருளில் பல முறை இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வருகிறது. நட்சத்திரங்கள் படிக்கப்படுவதே இல்லை.

பலகைமேசை:
நல்ல கருத்து. டெம்ப்ளேட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வெறும் எழுத்து எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அல்லது லினக்ஸில் பாப்ளர் கருவிகள் இருந்தால்:

```
pdftotext resume.pdf -
```

வரிகள் நீங்கள் எழுதிய வரிசையில் வந்தால் சரி. திறன்கள் ப்ராஜெக்ட் வரிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். எல்லா நிறுவனத்தின் மென்பொருளும் இதே மாதிரி படிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இதிலேயே குழம்புகிற கோப்பு அங்கே தப்பிப்பது கடினம்.

மண்சோதனை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என் நிலை கொஞ்சம் வேறு. சிவில் படித்தேன். மாமாவின் கட்டுமான நிறுவனத்தில் சில மாதம் சைட்டில் இருந்தேன். சம்பளச் சீட்டு இல்லை, நியமனக் கடிதம் இல்லை. கான்கிரீட் போடும் நாளில் கனசதுர மாதிரி எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதனைக்கு அனுப்பிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. இதை அனுபவம் என்று எழுதலாமா? சொந்தக்காரர் நிறுவனம் என்றால் சிரிப்பார்களோ என்று தயக்கம்.

முதல்வடிகட்டி:
தாராளமாக எழுதலாம். நீங்கள் வேலை செய்தது உண்மை, அதுதான் முக்கியம். நிறுவனத்தில் ஒருவர், முடிந்தால் மாமா அல்லாத சைட் இன்ஜினியர், தொலைபேசியில் உறுதிசெய்வாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்த மாதங்களைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வாங்குங்கள். பதவியை உயர்த்த வேண்டாம். "சைட் பயிற்சியாளர்" போதும்.

பலகைமேசை:
நான் சிவில் இல்லை. ஆனால் "தர மேற்பார்வையில் உதவினேன்" என்பதைவிட அந்தப் பதிவேட்டைப் பற்றிய வரி எனக்குப் பல மடங்கு நம்பிக்கை தரும். 7ஆம் நாள் முடிவு குறைவாக வந்தபோது யாரிடம் சொன்னீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு சம்பவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஈரிழைக்கம்பி, இப்போது 98க்கு வருவோம். அது எப்படி வந்தது? பதிவுகளைத் துண்டுகளாக வெட்டி, கலந்து, சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்தீர்களா?

ஈரிழைக்கம்பி:
நண்பரிடம் கேட்டேன், ஆமாம். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று வெவ்வேறு நாட்களில் பதிவு எடுத்தோம். எல்லாவற்றையும் 1024 அளவுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, மொத்தமாகக் கலந்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்.

பலகைமேசை:
அங்கேதான் சிக்கல். ஒரு துண்டு 1.28 விநாடி. ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து எடுத்த துண்டுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதில் ஒன்று பயிற்சிக்கும் அடுத்தது சோதனைக்கும் போனால், மாடல் ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி பார்க்கிறது. சென்சாரைக் கழற்றி ஒட்டியதில் வந்த வித்தியாசத்தைக்கூட அது பழுது என்று கற்றிருக்கலாம். மெஷின் லேர்னிங் தெரிந்த எந்த நேர்காணலரும் முதலில் கேட்பது இதைத்தான்.

பதிவுகள் இன்னும் கையில் இருந்தால், இரண்டு நாள் பதிவுகளில் மட்டும் பயிற்சி கொடுத்து மூன்றாம் நாளை முழுக்கச் சோதனைக்கு வையுங்கள். ஒரு மாலை வேலை. மூன்று நாட்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஈரிழைக்கம்பி:
செய்தோம். மூன்று முறையும் சேர்த்துச் சராசரி 84 சதவீதம் வருகிறது. பெரும்பாலும் சாதாரண நிலையையும் தளர்ந்த போல்ட்டையும்தான் குழப்புகிறது. சமநிலைக் கேட்டை நன்றாகவே பிடிக்கிறது. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. அவர் 98ஐ மாற்ற மாட்டேன் என்கிறார்.

மாறிலி:
நானும் மாற்ற மாட்டேன். 84ஐப் பார்த்தால் ஆள்சேர்ப்பில் இருப்பவர் என்ன நினைப்பார்? பக்கத்தில் இன்னொருவர் 99 என்று போட்டிருப்பார். இது போட்டி.

முதல்வடிகட்டி:
உண்மையைச் சொன்னால், எண்ணை மட்டும் பார்த்து நான் தள்ளியதில்லை. எல்லாரும் 95க்கு மேல்தான் போடுகிறார்கள். அதனால் அந்த எண் எனக்கு எதையும் சொல்வதில்லை. ஆனால் மற்ற இடங்களில் எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பலகைமேசை:
84 என்று மொட்டையாக எழுதாதீர்கள். "பயிற்சியில் சேராத நாளின் பதிவுகளில் 84" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொற்றொடர் எண்ணுக்கு எடை கொடுக்கும். மாடல் உங்கள் பங்கு இல்லை என்பதால், எண்ணே இல்லாமல் விட்டாலும் தவறில்லை. நானாக இருந்தால் போடுவேன், ஏனென்றால் மறுபடி சோதித்துப் பார்த்ததில் நீங்களும் இருந்தீர்கள்.

தளர்ந்த போல்ட்டை ஏன் குழப்புகிறது என்று யோசித்து வையுங்கள். தளர்வு பொதுவாகச் சுழற்சியின் மடங்குகளில், உங்களுக்கு 48, 72 ஹெர்ட்ஸ் பக்கம், தெரியும். நீங்கள் போல்ட்டை ஒவ்வொரு நாளும் ஒரே அளவு தளர்த்தினீர்களா? டார்க் ரெஞ்ச் இல்லாமல் அது சாத்தியமில்லை. அதுவே காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

ஈரிழைக்கம்பி:
கையால்தான் தளர்த்தினோம், அளவு பார்க்கவில்லை. நன்றி சார். திருத்தி எழுதியதைத் தருகிறேன், தமிழில் போடுகிறேன், ரெஸ்யூமேயில் ஆங்கிலத்தில் இருக்கும்.

"மோட்டார் அதிர்வு கண்காணிப்புக் கருவி (இறுதியாண்டு ப்ராஜெக்ட், நால்வர் குழு, என் பங்கு: ஃபர்ம்வேர்)

ஆய்வக இண்டக்‌ஷன் மோட்டாரின் அதிர்வை அளந்து வைஃபையில் அனுப்பும் கருவிக்கு ESP32இல் எம்பெடட் சி ஃபர்ம்வேரை முழுமையாக எழுதினேன்.

எஃப்எஃப்டி உச்சம் 24க்குப் பதில் 27 ஹெர்ட்ஸில் வந்ததை டேக்கோமீட்டரோடு ஒப்பிட்டு, அளவெடுக்கும் வேகம் 800க்குப் பதில் 700 என்று கண்டறிந்தேன். ADXL345இன் ஃபிஃபோ, இன்டரப்ட் வழியாகப் படித்து அதைச் சரிசெய்தேன்.

வைஃபை அனுப்பும்போது அளவுகள் விடுபடுவதைத் தவிர்க்க, 1024 அளவுகளைச் சேமித்த பிறகே அனுப்பும்படி மாற்றினேன்.

குழுவின் மாடல் சமநிலைக் கேடு, தளர்ந்த அடித்தளம், சாதாரண நிலை ஆகிய மூன்றையும், பயிற்சியில் சேராத நாளின் பதிவுகளில் 84 சதவீதம் சரியாகப் பிரித்தது."

பணி அனுபவம் என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். வரிசை: கல்வி, ப்ராஜெக்ட்கள், பயிற்சி, திறன்கள். தொழிற்சாலைப் பயிற்சியில் என்ன எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.

முதல்வடிகட்டி:
முதல் வரி எனக்கே புரிகிறது, எம்பெடட் சியும் வந்துவிட்டது. இதை நான் மேலே அனுப்புவேன். ஆனால் கல்விக்கு முன்னால் ப்ராஜெக்டை வைத்துப் பாருங்கள்.

பலகைமேசை:
வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து. படித்து முடித்த உடனே என்றால் கல்வி மேலே இருப்பதுதான் வழக்கம். மூன்று வரிதானே, கண் அடுத்ததற்குப் போய்விடும். இரண்டு வகையும் ஓடும்.

"முழுமையாக எழுதினேன்" என்பதில் மட்டும் ஒரு சந்தேகம். சென்சாருக்கு யாரோ எழுதிய லைப்ரரி எதையாவது எடுத்தீர்களா? எடுத்திருந்தால் "முழுமையாக" என்பதை நீக்கிவிட்டு, லைப்ரரி போக நீங்கள் எழுதியது எது என்று சொல்லத் தயாராக இருங்கள். லைப்ரரி எடுப்பது குற்றமே இல்லை, அதை மறைப்பதுதான் சிக்கல்.

பயிற்சிக்கு இரண்டு வரி போதும்: எந்தத் தொழிற்சாலை, எந்தத் தேதிகள், எந்தப் பிரிவு. அங்கே ஏதேனும் ஒரு சோதனையை அருகில் நின்று பார்த்திருந்தால் "பார்த்தேன்" என்றே எழுதுங்கள். "செய்தேன்" என்று எழுதினால் எந்தக் கருவி, என்ன அளவு வந்தது என்று கேட்பேன்.

ஈரிழைக்கம்பி:
ஃபிஃபோவைப் படிக்கும் பகுதி என்னுடையது. தொடக்க அமைப்புக்கு ஒரு லைப்ரரி எடுத்தேன். "முழுமையாக" என்பதை நீக்கிவிடுகிறேன். பயிற்சியில் டிரான்ஸ்ஃபார்மர் காப்பு மின்தடைச் சோதனையைப் பார்த்தேன், அதை எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட் கோடை கிட்ஹப்பில் ஏற்றலாமா? இதுவரை நாங்கள் ஜிப் கோப்பாகத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

பலகைமேசை:
ஏற்றுங்கள், இன்றைய தேதியிலேயே. பழைய தேதிகளில் கமிட் போட்டு வரலாறு உருவாக்க முயல வேண்டாம். ரீட்மீயில் இணைப்புப் படம், 27 ஹெர்ட்ஸ் கிராஃப், 24 ஹெர்ட்ஸ் கிராஃப், அவற்றுக்குக் கீழே ஒரு பத்தி விளக்கம். லிங்கைத் திறக்கிற சிலர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏற்றுவதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டு கோடுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர்கள் எழுதிய பகுதியை ஏற்ற அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளோட்டம்:
என் பதினெட்டுச் சான்றிதழ்களில் எதை வைத்துக்கொள்வது?

முதல்வடிகட்டி:
விண்ணப்பிக்கும் வேலைக்குத் தொடர்புள்ளதாக, கேட்டால் பத்து நிமிடம் பேசக்கூடியதாக இருப்பவற்றை மட்டும்.

ஈரிழைக்கம்பி:
கடைசியாக ஒன்று. நாங்கள் நால்வரும் ஒரே நிறுவனங்களுக்குத்தான் விண்ணப்பிக்கிறோம். என்னுடையதில் 84, நண்பருடையதில் 98 என்று ஒரே ப்ராஜெக்டுக்கு இரண்டு எண் போனால் என்ன ஆகும்?

பலகைமேசை:
ஒரே மேசைக்கு இரண்டும் வந்தால் கண்டிப்பாகக் கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்கிறது: அவர் கலந்து பிரித்தது, நீங்கள் நாள்வாரியாகப் பிரித்தது. அவரைக் குறை சொல்லாமல் அந்த இரண்டு முறையை மட்டும் விளக்குங்கள். அதற்கு முன்னால் நால்வரும் உட்கார்ந்து யார் எந்த வரியைத் தன் பங்காக எழுதுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் வரி நான்கு ரெஸ்யூமேயிலும் "நான் எழுதினேன்" என்று இருந்தால், அதை உண்மையில் எழுதிய உங்களுக்குத்தான் முதல் பாதிப்பு. நண்பர் 98ஐ விடாவிட்டால், கலந்து பிரித்தபோது வந்த எண் என்றாவது பக்கத்தில் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஈரிழைக்கம்பி:
கேட்டுப் பார்க்கிறேன். பாஸ்வேர்டு கோடுக்குள்தான் இருந்தது, எடுத்துவிட்டேன்.